முப்பத்தேழாவது ராடு

அப்துல் ஜப்பார் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சகாயராணி செம்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதிக்கு ஆழ்துளைக் கிணற்றுக்கான போர் போடும் விலைப்பட்டியலை விளக்கிக்கொண்டிருந்தாள். முந்நூறு அடி வரைக்கும் அடிக்குத் தொண்ணூறு ரூபாய், அதற்குப் பிறகு ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை கூடும், மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்புக்குத் தனிக் கணக்கு. அந்தத் தம்பதி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பார் நேராக மேசைக்கு வந்து ஒரு பில்லை அவள் முன்னால் வைத்தார்.

"எழுநூத்து நாப்பது அடின்னு போட்டிருக்கீங்க. என் நிலத்துல இருக்கிறது ஐநூத்தி அறுபதுதான். மிச்சக் காசக் குடுங்க, நான் போயிர்றேன்."

அவர் சத்தம் போடவில்லை. திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிடைத்த பணத்தில் வடமதுரைக்கு அப்பால் இரண்டு ஏக்கர் வாங்கிக் கொய்யா வைத்திருந்தார். பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு போட்டிருந்தார். நூற்றி எண்பது அடிக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு ரூபாய். சகாயராணி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

செம்பட்டித் தம்பதி விலைப்பட்டியலை மெதுவாக மேசையில் வைத்தார்கள். "நாங்க இன்னொரு நா வாரோம்" என்று எழுந்து போய்விட்டார்கள்.

உள்ளறையிலிருந்து முதலாளி ஜெரோம் வந்தார். அவருக்கு இருப்பது போர் போடும் ஒரே ஒரு ரிக் வண்டி, அதன் மேல் ஐந்து வருடத் தவணை. "என்ன பாய், போர் போட்டு பதினேழு நாளாச்சு. அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் காசக் குடுத்தீங்க. இப்ப வந்து..."

"கையெழுத்து நான் போடல. நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரி போட்டா. அவ என்னத்தைக் கண்டா? போடச் சொன்னீங்க, போட்டா."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

சகாயராணி எழுந்தாள். "அண்ணே, நான் பேசிக்கிறேன்" என்றாள். ஜெரோம் அவளைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அவள் இன்னொரு நாற்காலியை மேசையின் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு, "உக்காருங்க பாய். மொதல்லருந்து சொல்லுங்க. எப்படித் தெரிஞ்சுது ஐநூத்தி அறுபதுன்னு?" என்று கேட்டாள்.

அவர் உட்கார யோசித்தார். பிறகு உட்கார்ந்தார். அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவர் சொல்வதை எழுதத் தொடங்கினாள். எழுதுவதைப் பார்த்ததும் அவருடைய பேச்சின் வேகம் குறைந்தது.

முந்தின சனிக்கிழமை மோட்டார் இறக்க ஆள் வந்திருக்கிறான். எழுநூறு அடியில் மோட்டாரைத் தொங்கவிடுவதாக ஏற்பாடு. ஐநூற்று ஐம்பத்தெட்டு அடியில் மோட்டார் தட்டி நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. மேலே கொஞ்சம் தூக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் தண்ணீர் வந்தது, பிறகு வெறும் காற்று. மோட்டாரை வெளியே எடுத்துவிட்டார்கள். "உங்களை நல்லா ஏமாத்திப்புட்டாங்க பாய்" என்று மோட்டார்க்காரன் சொல்லியிருக்கிறான். ஜப்பார் அன்றே விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் கம்பெனி பேரைச் சொல்லி ஒரு குரல் பதிவு போட்டுவிட்டார். அதையும் அவரே சொன்னார்.

சகாயராணிக்கு அப்போதுதான் புரிந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பேர் ஏன் முன்பதிவை வேண்டாம் என்று சொன்னார்கள் என்று.

"நீங்க சொல்றதுல எது சரி, எங்க சீட்டுல எது சரின்னு எனக்கும் இப்பத் தெரியாது பாய்" என்றாள். "தெரியாம நான் காசையும் குடுக்க முடியாது, உங்களப் பொய்யின்னும் சொல்ல முடியாது. ஒரு நா டயம் குடுங்க. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள நானே கூப்பிடுறேன்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவேன். இந்தாங்க, என் சொந்த நம்பரு."

அவர் போனதும் அவள் பீரோவைத் திறந்து, போர் போட்ட அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டை எடுத்தாள். போர் போடும்போது, நுனியில் பாறையை உடைக்கும் பிட்டோடு, இருபது அடி நீளமுள்ள இரும்பு ராடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டு பூமிக்குள் இறங்கும். ஒரு ராடு முழுதாக இறங்கியதும் வண்டியை இயக்குகிறவர் சீட்டில் ஒரு கோடு போடுவார். நான்கு கோட்டுக்கு ஐந்தாவது கோடு குறுக்கே. ஏழு கட்டு, பிறகு இரண்டு கோடு. முப்பத்தேழு ராடு, எழுநூற்று நாற்பது அடி. அறுநூற்றுப் பத்தில் ஈரம், அறுநூற்றுத் தொண்ணூறில் தண்ணீர் என்றும் குறிப்பு இருந்தது. கீழே பாயின் மனைவி போட்டது, கமர்ஜஹான் என்று தமிழில் நிதானமான கையெழுத்து.

கோடு போட்டது பிராங்கிளின். சகாயராணியின் தம்பி.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். ரிக் வண்டி ஆட்களுக்குச் சம்பளத்தோடு அடிக்கு இவ்வளவு என்று படியும் உண்டு. அடி கூடினால் அவர்கள் கைக்கு வருவதும் கூடும். போன மாதம் அவன் புதிதாக ஒரு பைக் வாங்கியிருந்தான். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

போனில் கேட்டாள். "ஏலே, வடமதுரை பாய் போர் எத்தன ராடு?"

வண்டி வேறொரு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் கேட்டது. "சீட்டுல இருக்குமேக்கா. முப்பத்தேழு."

"உறுதியா?"

"என்னக்கா இப்புடிக் கேக்குற."

அவன் கோபித்துக்கொண்டது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. தெம்பு போதவில்லை.

மறுநாள் காலை அவள் ஜெரோமிடம் தன் யோசனையைச் சொன்னாள். முதலில் போருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. கேமராச் செலவு கம்பெனியுடையது. அடைப்பு இருந்தால் ரிக் வண்டியைக் கொண்டுபோய் சுத்தம் செய்து, ஆழத்தைப் பாய் முன்னாலேயே அளப்பது. வியாழக்கிழமை வண்டி எப்படியும் வடமதுரைப் பக்கம்தான் போகிறது. அளவு எழுநூற்று நாற்பது இருந்தால் டீசலுக்கு எட்டாயிரம் பாய் தரவேண்டும். ஒரு ராடு குறைந்தாலும் குறைந்த அடிக்குப் பணம் திரும்ப, சுத்தம் செய்த செலவும் கம்பெனி தலையில்.

"கேசிங் பைப்புக்குக் கீழ சரிஞ்சா நாங்க பொறுப்பில்லன்னு பில்லுலயே அச்சடிச்சிருக்கு" என்றார் ஜெரோம்.

"அது சரிஞ்சா. அவரு சொல்றது சரிஞ்சதப் பத்தி இல்ல, போடவே இல்லைங்கிறாரு. அதுக்கு இந்த வரி பதில் ஆகாதுண்ணே."

"உன் தம்பி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு. ஆனா பாய்க்கு என் நம்பிக்கை எதுக்கு உதவும்? நம்ம கணக்கு சரின்னா நமக்குப் போறது கேமராக் காசு மட்டும். தப்புன்னா அவரு காசு நம்மகிட்ட இருக்கக் கூடாது."

ஜெரோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அளந்து பாத்ததுக்கு அப்புறம் அந்த மனுசன் வேற ஒண்ணு சொன்னா?"

"அதுக்குத்தான் அளக்கிறதுக்கு முன்னாடியே எழுதிருவோம்."

அன்று பிற்பகலே அவள் ஜப்பாரைக் கூப்பிட்டாள். பேகம்பூரில் இருந்த அவர் வீட்டுக்கே போனாள். கமர்ஜஹான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் எழுதிக் கொண்டுவந்த தாளை ஜப்பார் இரண்டு தடவை படித்தார்.

"ஒரு ராடு கொறஞ்சாலும்?"

"ஒரு ராடு கொறஞ்சாலும் பாய். கொறையலைன்னா நீங்க டீசல் காசு தரணும். அதையும் பாத்துக்கங்க."

"தர்றேன்." அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை மனைவி பக்கம் நகர்த்தாமல் சகாயராணி பக்கம் நகர்த்தினார். கமர்ஜஹான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சகாயராணி வெளியே செருப்பை மாட்டும்போது கமர்ஜஹான் வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, அன்னைக்கு நான் எண்ணாம விட்டது தப்புதானா?" என்று கேட்டார். "கையெழுத்துப் போட்டதுலருந்து... மோட்டார்க்காரன் வந்துட்டுப் போனதுலருந்து இவுக என்கிட்ட முகங்குடுத்துப் பேசல."

"எண்ணச் சொல்லி நாங்க சொல்லியிருக்கணும்மா. சொல்லாம சீட்டை நீட்டினது எங்க தப்பு" என்றாள் சகாயராணி. அந்த அம்மாளின் முகத்தில் ஏதோ கொஞ்சம் தளர்ந்தது.

புதன்கிழமை கேமராக்காரர் ஒரு பெரிய உருளையில் சுற்றிய கம்பியோடு வந்தார். கம்பியின் நுனியில் விளக்கு வைத்த சின்னக் கேமரா. ஒரு பெட்டியில் திரை, திரையின் மூலையில் எத்தனை அடி என்று காட்டும் எண். கொய்யாக் கன்றுகள் இடுப்பளவு நின்றன. சில வரிசைகளில் இலைகள் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தன. போரின் வாயை மூடியிருந்த மூடியை எடுத்து, கேமராவை இறக்கினார்கள்.

திரையில் முதலில் பைப்பின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அறுபது அடியில் பைப் முடிந்து பாறை தொடங்கியது. கறுப்பாக, சில இடத்தில் சாம்பல் நிறத்தில். முந்நூற்றுப் பன்னிரண்டில் தண்ணீர். தொட்டதும் படம் கலங்கி, பிறகு தெளிந்தது. மோட்டாரை எடுத்த நாளிலிருந்து அசையாமல் நின்ற தண்ணீர், கண்ணாடி போல இருந்தது. ஜப்பார் திரைக்கு மிகப் பக்கத்தில் குனிந்து நின்றார். பின்னால் கமர்ஜஹான். இருவருக்கும் தெரியும்படி சகாயராணி தன் துப்பட்டாவால் திரைக்கு வெயில் மறைத்துப் பிடித்தாள்.

ஐநூற்று நாற்பது. ஐநூற்று ஐம்பது. சுவர் இங்கே வழுவழுப்பாக இல்லை. ஒரு பக்கம் பெயர்ந்து பள்ளமாக இருந்தது. ஐநூற்று ஐம்பத்தெட்டில் கேமரா நின்றது. கீழே மட்டமான தரை இல்லை. முனை முனையாக ஒரு பெரிய கல் குறுக்கே சாய்ந்து மாட்டியிருந்தது, அதன்மேல் சின்னச் சின்னக் கற்கள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரல் அளவு இடைவெளியில் விளக்கு வெளிச்சம் இறங்கி, அடியில் இருட்டாகப் போனது.

"இது அடித்தரை இல்லைங்க" என்றார் கேமராக்காரர். "பிட்டு நின்ன எடம்னா கிண்ணம் மாதிரி வழிச்ச மாதிரி இருக்கும். இது மேலருந்து பேந்து விழுந்த கல்லு. அந்தா பாருங்க, அந்தப் பள்ளம். அங்கருந்துதான்."

ஜப்பார் நிமிர்ந்தார். "அப்ப இதுக்குக் கீழ இருக்கு."

"இருக்கு. எம்புட்டுன்னு கல்லை எடுத்தாத்தான் தெரியும்."

அவர் சகாயராணியைப் பார்த்தார். அவள் எதையும் சொல்லிக் காட்டவில்லை. ஏமாற்றவில்லை என்று பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி அந்தக் கல்லுக்குக் கீழே இருட்டில் கிடந்தது. அதுதான் அவளை வாட்டியது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரிக் வண்டி வந்து நின்றது. பிராங்கிளின் வண்டியிலிருந்து இறங்கி, அக்காவைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான். அவள் முந்தின நாள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் கோபமாகவே இருந்தான்.

தொடங்குவதற்கு முன் சகாயராணி ஜப்பார் கையில் ஒரு சீட்டும் பேனாவும் கொடுத்தாள். "ராடு இறங்க இறங்க நீங்களே கோடு போடுங்க பாய். எங்க சீட்டுலயும் போடுவோம். ஒவ்வொரு பத்துக்கும் ரெண்டையும் ஒத்துப் பாத்துக்குவோம்." கமர்ஜஹான் யாரும் கேட்காமலேயே ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொஞ்சம் மக்காச்சோளமும் கொண்டுவந்திருந்தார். ஒரு ராடுக்கு ஒரு முத்து. கணவனும் மனைவியும் வேப்பமரத்தடியில் இரண்டு கல்லில் உட்கார்ந்தார்கள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.

இருபத்தேழு ராடு எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. இருபத்தெட்டாவது முடிய இரண்டடி இருக்கும்போது கல்லைத் தொட்டது. சுத்தியல் அடிக்கும் சத்தம் மாறியது. போரின் வாயிலிருந்து கலங்கலான தண்ணீரும் நொறுங்கிய கல்லும் பீய்ச்சியடித்தன. பத்து நிமிடத்தில் கல் உடைந்து, ராடு சட்டென்று ஓரடி இறங்கியது. ஜப்பார் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு உதிர்ந்து கிடந்த கல்லையும் மண்ணையும் கம்ப்ரசர் காற்று வெளியே தள்ளிக்கொண்டே வர, ராடுகள் வேகமாக இறங்கின. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் தண்ணீர் கூடியது. முப்பத்தைந்தில் இன்னும் கூடி, ஆளுயரத்துக்கு எழும்பி வண்டிமேல் விழுந்தது. கொய்யா வரிசைக்குள் பழுப்புநிறத் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

முப்பத்தாறாவது ராடு முழுதாக இறங்கிய இடத்தில் வண்டி உறுமியது. ராடு அதற்கு மேல் போகவில்லை. சுத்தியல் சத்தம் கெட்டியாகக் கேட்டது. தண்ணீரோடு வெள்ளையாகப் புதுப் பாறைத் தூள் வந்தது.

பிராங்கிளின் கம்ப்ரசரை நிறுத்தினான். திடீரென்று எங்கும் அமைதி. தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கீழே குனிந்து அந்தத் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். புதுத் தூள் என்றால் அதற்கு முன் யாரும் தொடாத பாறை. அடித்தரை.

"எத்தன?" என்றாள் சகாயராணி.

"முப்பத்தாறு" என்றார் ஜப்பார். கமர்ஜஹான் டம்ளரைக் கவிழ்த்து முந்தானையில் எண்ணினார். "முப்பத்தாறு." கம்பெனிச் சீட்டிலும் முப்பத்தாறு.

எழுநூற்று இருபது அடி. பில்லில் எழுநூற்று நாற்பது.

பிராங்கிளின் வண்டியின் பக்கவாட்டில் ராடு அடுக்கியிருந்த இடத்துக்கு நடந்தான். கடைசியில் ஓரமாக ஒரு ராடு கிடந்தது. அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைத் தொட்டபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்தான். அக்காவிடம் வராமல் நேராக ஜப்பாரிடம் போனான்.

"பாய், தப்பு என்னுது" என்றான். "அன்னைக்கு நானூறு அடியில பிட்டு தேஞ்சு போச்சு. இருபது ராடையும் வெளிய எடுத்துத்தான் புதுப் பிட்டு மாட்டணும். எடுத்தப்ப ஒரு ராடுக்கு மரை நெளிஞ்சிருந்துச்சு. அதைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு வேற ஒண்ணை மாட்டி இறக்கினேன். அந்த வேற ராடை புது ராடுன்னு நெனச்சு கோடு போட்டுட்டேன். அது பழசுக்கு மாத்தா வந்தது. அதுக்குக் கோடு போட்டிருக்கக் கூடாது. லேத்துக்குக் குடுக்கணும்னு துணி கட்டினது, இன்னும் வண்டியிலதான் கெடக்கு. வந்து பாருங்க."

ஜப்பார் போய்ப் பார்த்தார். நெளிந்த மரையை விரலால் தடவினார். தோல் ஷாப்பில் இயந்திரங்களோடு பழகிய கை. "ஆமா. இது பூட்டாது" என்றார்.

சகாயராணி வண்டியின் சக்கரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று நாளாக நெஞ்சுக்குள் ஒரு கல் அவளுக்கும் குறுக்கே மாட்டியிருந்தது. தம்பி திருடவில்லை. எண்ணத் தவறிவிட்டான். இரண்டும் ஒன்றல்ல. அழுகை வரும்போலிருந்தது. அதை அடக்கிக்கொண்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

"பாய், இருபது அடி எங்க தப்பு. எழுநூறுக்கு மேல அடிக்கு நூத்தி எண்பது. மூவாயிரத்து அறுநூறு ரூபா. இப்பவே போன்ல போட்டு விடுறேன். இன்னைக்கு வண்டி வந்த செலவு எங்களோடது. தப்புக்கு மன்னிச்சிருங்க. மத்த நூத்தி அறுபது அடி நாங்க போட்டதுதான், அதுக்குக் காசு திரும்பத் தர முடியாது. திருத்தின பில்லு நாளைக்கு வீட்டுக்கு வரும்."

பணம் வந்து சேர்ந்த ஒலி ஜப்பாரின் சட்டைப் பையில் கேட்டது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போனார்.

"கமரு" என்றார்.

கமர்ஜஹான் மக்காச்சோள முத்துகளை டம்ளருக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல. நான்தான் கண்டதப் பேசிட்டேன்."

கமர்ஜஹான் தலை நிமிராமலேயே, "அந்தத் தண்ணி வரப்பை உடைச்சுக்கிட்டுப் போவுது, போயி மண்ணை அணைங்க" என்றார். ஜப்பார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் முதுகைப் பார்த்துக் கமர்ஜஹான் சிரித்ததை சகாயராணி மட்டும் கண்டாள்.

வரப்பைச் சரிசெய்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு ஜப்பார் வந்தார். ஐநூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார். "டீசல் காசு. பாதியாவது வாங்கிக்கம்மா. நான் சொன்ன நூத்தி எண்பது அடியும் தப்புதான."

"வேணாம் பாய். எழுதினது எழுதினதுதான். ஒரு ராடு கொறஞ்சா எங்க செலவுன்னு எழுதியிருக்கோம். கொறஞ்சிருச்சு."

"முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவாரு. கேட்டுக்கிறேன்."

அவர் பணத்தை மடித்து வைத்துக்கொண்டார். அவள் இன்னொன்றும் சொன்னாள். "மோட்டாரை எழுநூறுல தொங்கவிடாதீங்க. அந்த ஐநூத்தம்பது பக்கம் பாறை லூசா இருக்கு. திரும்பவும் ஒரு கல்லு விழுந்தா மோட்டாரு மாட்டிக்கிட்டு எடுக்க முடியாமப் போயிரும். ஐநூத்தி நாப்பதுலயே நிப்பாட்டுங்க. ஊத்து இப்பத் தொறந்துக்கிச்சு, கீழ இருக்கிற தண்ணி மேல ஏறி வந்துரும். பைப்பும் மிச்சம்."

"இத எந்த மோட்டார்க்காரனும் சொல்லலையேம்மா."

"பைப்பு அவங்கதான் விக்கிறாங்க" என்றான் பிராங்கிளின். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வேடிக்கையான பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜப்பார் போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். "என்ன சொல்லணும்?"

"நடந்ததை அப்படியே சொல்லுங்க பாய். எங்க தப்பையும் சேத்து."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். கல் விழுந்தது, ஐநூற்று ஐம்பத்தெட்டில் நின்றது, கேமரா, முப்பத்தாறு ராடு, இருபது அடிக்குப் பணம் திரும்ப வந்தது, தண்ணீர் இரண்டரை இஞ்சு வருவது. நடுவில் "நான் அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்று ஒரு வரி. பேசி முடித்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டு, முகத்தைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

சகாயராணி கொஞ்சம் தள்ளிப்போய் ஜெரோமுக்குப் போன் செய்தாள். முழுதும் சொன்னாள்.

"வண்டிச் செலவு நம்ம தலையிலயா" என்றார் அவர்.

"ஆமாண்ணே. அடிக்கு வாங்கின படியில அந்த இருபது அடிக்கானதை பிராங்கிளின் திருப்பிக் குடுத்துருவான். இனிமே ரெண்டு சீட்டு வெப்போம். ஒண்ணு நம்ம கையில, ஒண்ணு அவங்க கையில. பிட்டு மாத்தினா ரெண்டு சீட்டையும் அங்கனயே ஒத்துப் பாக்கணும். பத்து ராடுக்கு ஒரு கையெழுத்து, கடைசியில மொத்தமா வேணாம்."

"அவனை நிப்பாட்டணுமா?"

"அது உங்க இஷ்டம். அவன் அக்கான்னு நான் அதைச் சொல்லக் கூடாது."

"கேட்டது அவன் அக்காகிட்ட இல்ல" என்றார் ஜெரோம். "யாரும் கேக்கிறதுக்கு முன்னாடி அவனே போயி சொன்னான்னியே. அப்படி ஒருத்தனை நான் எங்கருந்து புடிப்பேன்? விடு. செத்த நேரத்துக்கு முன்னாடி அந்தச் செம்பட்டிக்காரங்க போன் பண்ணாங்க, சனிக்கெழம வரலாமான்னு. வரச் சொல்லிட்டேன்."

அவள் திரும்பி வந்தபோது வண்டிப் பையன்கள் ராடுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கமர்ஜஹான் ஒரு பெரிய தூக்குவாளியைத் திறந்துவைத்திருந்தார். நெய்ச்சோறும் பருப்புத் தால்சாவும், வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும். "எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்க" என்றார். "ஏலே அப்பு, நீயும்தான்" என்று பிராங்கிளினைப் பார்த்துச் சொன்னார். அவன் தயங்கினான். ஜப்பாரே போய் அவன் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

தண்ணீர் இன்னும் வரிசைக்குள் போய்க்கொண்டிருந்தது. சகாயராணி செருப்பைக் கழற்றி, ஈரமண்ணில் காலை வைத்தாள். குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறியது. பசியே இல்லை என்று காலையில் நினைத்திருந்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.